மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் இருவர்: நாடகம் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டே பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் நாடகம். ஐம்பது நிமிடம் யார் பார்ப்பார்கள்?

பேசுவதை மட்டுமே நம்பினால் பத்தாவது நிமிடத்திலேயே கூட்டம் அசையத் தொடங்கிவிடும். பேச்சுக்கு அடியில், மேடையில் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு பொருத்தமின்மை இருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் முழுவதும் பேசலாம்.

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உள்ள கூடம். பார்வையாளர் நேரம் மாலை ஐந்து மணி முதல் ஐந்தே முக்கால் வரை. நாடகம் நாலே முக்காலுக்கும் ஐந்துக்கும் இடையில் தொடங்கி, பார்வையாளர் நேரம் முடியும்போது முடிகிறது. மேடை நேரமும் கடிகார நேரமும் ஒன்றே. காங்கயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருக்கும் நாச்சாயாள் என்ற அறுபத்திரண்டு வயதுப் பெண்ணின் கையில் உள்ளே போவதற்கான பாஸ் இருக்கிறது. கதவு திறந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக வேலை செய்யும் சக்திவேலுக்கு முப்பத்தெட்டு வயது. அவரிடம் பாஸ் இல்லை. ஆனால் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து நின்றுவிட்டுத் திரும்பவும் உட்காருகிறார்.

யாரும் எதையும் விளக்காமலேயே பார்வையாளருக்குள் இரண்டு கேள்விகள் விழுந்துவிடுகின்றன. போகக்கூடியவர் ஏன் போகவில்லை, போக முடியாதவர் ஏன் வந்திருக்கிறார் என்ற அந்த இரண்டு கேள்விகளும்தான் மீதி நேரத்தைச் சுமக்கின்றன. காரணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம். ஆனால் காரணம் தேவைப்படும் செயல் முதல் பத்து நிமிடங்களுக்குள் மேடையில் நடந்தாக வேண்டும். நான் படித்துப் பார்க்கும் பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகளில் இது தலைகீழாக இருக்கிறது: காரணங்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன, அவற்றைக் கேட்கத் தூண்டும் செயல் ஒன்றுகூட இல்லை.

முன்பின் தெரியாத இருவரை எப்படிப் பேச வைப்பது? "நீங்களும் யாரையாவது பார்க்க வந்திருக்கிறீர்களா" என்று தொடங்கினால் செயற்கையாக இருக்கிறது.

மருத்துவமனையில் அந்நியர்கள் பேசத் தொடங்குவது பெரும்பாலும் ஒரு சிறிய உதவிக்காகத்தான். பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது, செல்பேசியைச் சார்ஜில் போடக் கேட்பது, சீட்டைப் படித்துச் சொல்லச் சொல்வது போன்றவை. நம் நாடகத்துக்கு மூன்றாவதுதான் மிகவும் பயன்படும், ஏனென்றால் அதை இரண்டு முறை பயன்படுத்தலாம். நாச்சாயாளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தொடக்கத்தில் அவர் நீட்டுவது மருந்துச் சீட்டு. அதைப் படித்துக் காட்டி, எந்தக் கவுண்டருக்குப் போக வேண்டும் என்று சக்திவேல் சொல்லிவிடுகிறார். முப்பதாவது நிமிடத்துக்குப் பிறகு நாச்சாயாள் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து எடுக்கும் இன்னொரு தாள் ஒப்புதல் படிவம். முதல் முறை படித்தவரிடமே இரண்டாம் முறையும் நீட்டுவதால் அந்தச் செயலுக்குத் தனி விளக்கம் வேண்டியதில்லை.

உதவி முடிந்ததும் கொங்குப் பகுதியில் வரக்கூடிய அடுத்த கேள்வி எல்லோருக்கும் தெரியும்: "எந்த ஊருங்க தம்பி?" ஊரைச் சொன்னால் யார் தோட்டம் என்பது வரும். அதையும் சொன்னால், உள்ளே இருக்கும் இன்னொரு கேள்வி மெல்ல எட்டிப் பார்க்கும். நாச்சாயாள் அதைக் கேட்டேவிடுகிறார்: "கூட்டமென்னுங்க?" இது நலம் விசாரிப்பதுபோல் வெளிவரும் சாதி விசாரணை என்பது இருவருக்கும் தெரியும்; கேட்பவருக்கு அது விசாரணையாகவே தோன்றாது என்பதும் உண்மை. கூட்டம் என்பது சாதிக்குள் இருக்கும் குலப் பிரிவு. சக்திவேல் ஒரு நொடி தயங்கிக் கூட்டத்தின் பெயரைச் சொல்கிறார். அது நாச்சாயாளின் புகுந்த வீட்டுக் கூட்டமாகவே இருந்துவிடுவதால், "அப்பப் பங்காளியாயிட்டயே கண்ணு" என்று மரியாதை விகுதி உரிமையாக மாறுகிறது. அந்தத் தயக்கத்துக்கான காரணம் பார்வையாளருக்கு நாற்பதாவது நிமிடத்தில்தான் தெரியவரும்.

ரகசியத்தை எந்த இடத்தில் உடைப்பது? பாதியிலா, கடைசியிலா?

ஓர் இடத்தில் உடைக்கும் ஒரே ரகசியம் என்று வைத்துக்கொண்டால், அது உடைந்த பிறகு நாடகத்துக்கு வேலை இருக்காது. ஒவ்வொருவருக்கும் மூன்று அடுக்குகள் வைத்துக்கொள்வது என் வழக்கம். முதலாவது யார் கேட்டாலும் சொல்வது. இரண்டாவது வற்புறுத்தினால் சொல்வது. மூன்றாவது, சொந்த பந்தத்தில் எவரிடமும் சொல்ல முடியாதது. திரும்பச் சந்திக்கப் போவதில்லை என்பதால்தான் இந்த அந்நியரிடம் சொல்ல முடிகிறது.

நாச்சாயாளின் முதல் அடுக்கு, கணவருக்கு மூளையில் ரத்தக் கசிவு, பன்னிரண்டு நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறார் என்பது. இரண்டாவது, டாக்டர்கள் இரண்டு வழிகளில் ஒன்றைக் கேட்கிறார்கள் என்பது: கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்திச் சிகிச்சையைத் தொடர ஒப்புதல் தர வேண்டும், அல்லது வீட்டுக்குக் கூட்டிப்போவதாகக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்கிறார்: "இந்தப் பன்னெண்டு நாளும் நான் நல்லாத் தூங்குனன் கண்ணு." நாற்பது ஆண்டு இல்லறத்தைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். அடித்தார், குடித்தார் என்று விளக்கப் போனால் அந்த வாக்கியம் செத்துவிடும்.

சக்திவேலின் முதல் அடுக்கு, உள்ளே இருப்பது "தெரிஞ்சவங்க" என்பது. இரண்டாவது, அது அப்பா என்பதும், வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்ததிலிருந்து வீட்டோடு பேச்சு இல்லை, பாஸ் தங்கை கையில் இருக்கிறது என்பதும். மூன்றாவது அடுக்குதான் கடினமானது: அப்பாவுக்கு நினைவு இருந்திருந்தால் இவர் வந்திருக்க மாட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறார் என்பது தெரிந்த பிறகுதான் பஸ் ஏறியிருக்கிறார்.

இந்த இரண்டு மூன்றாம் அடுக்குகளும் ஒன்றையே சொல்கின்றன. உள்ளே படுத்திருப்பவரால் பேச முடியாது என்பது இருவருக்குமே ஒருவகை வசதியாகிவிட்டது. நாடகம் எதைப் பற்றியது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆனால் இதை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

வரிசை பற்றி ஒரு குறிப்பு. ஒருவருடைய மூன்று அடுக்கும் முடிந்த பிறகு மற்றவருடையதைத் தொடங்கினால் அது இரண்டு தனிக் கதைகளாகிவிடும். நாச்சாயாளின் இரண்டாம் அடுக்கு வெளிவந்த பிறகே சக்திவேல் அப்பா என்ற சொல்லைச் சொல்கிறார். கூடவே வெளிவரும் கல்யாண விஷயத்தைக் கேட்டு நாச்சாயாள் முகம் சுளிக்கிறார். அந்தச் சுளிப்புக்கு விலை கொடுப்பதுபோலத் தன் மூன்றாம் அடுக்கைத் திறக்கிறார். அதன் பிறகே சக்திவேலுடையது.

உண்மையைச் சொல்லும் காட்சி எழுதினால் பிரசங்கம்போல ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

மனம் திறந்து பேசுவது என்பதை மறந்துவிடுங்கள். ஆஸ்பத்திரிக் கூடத்தில் யாரும் மனம் திறக்க வருவதில்லை. எதிரில் இருப்பவர் தவறாக ஊகிக்கிறார், அந்தத் தவறைச் சகிக்க முடியாமல் திருத்தும்போது உண்மை கொஞ்சம் கசிகிறது. அவ்வளவுதான் வழி. முதலில் இப்படி எழுதப்பட்ட ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்:

நாச்சாயாள்: கையெழுத்துப் போடறதா வேண்டாமான்னு தெரியாமத் தவிச்சுட்டு இருக்கறன் கண்ணு. மெஷின்ல வெச்சுக்கிட்டே இருந்தாலும் பாவம், எடுத்துட்டுப் போனாலும் பாவம்.

இதில் எல்லாத் தகவலும் இருக்கிறது, அதுதான் கோளாறு. நடிகைக்குச் செய்வதற்கு எதுவும் மீதியில்லை. அதே இடத்தைத் திருத்தங்களாக எழுதினால்:

சக்திவேல்: பணம் கட்டறதுக்குத்தானுங்கம்மா யோசிக்கறீங்க? காப்பீட்டுக் கார்டு இருந்தா இங்கயே...
நாச்சாயாள்: பணத்துக்கில்ல கண்ணு.
சக்திவேல்: பையன் வரட்டும்னுங்களா?
நாச்சாயாள்: பையன் கீழதான் நிக்கறான். டீ குடிக்கறான்.
சக்திவேல்: அப்பறமென்னுங்க? அஞ்சே காலாச்சு.
நாச்சாயாள்: நான் உள்ள போனா நர்சம்மா கேக்கும். "என்னம்மா முடிவு பண்ணீங்க"ன்னு எல்லார்த்து முன்னாலயும் கேக்கும்.

முடிவு என்ற ஒரு சொல் இங்கே போதும். என்ன முடிவு என்பதைப் படிவத்தை நீட்டும்போது சொல்லிக்கொள்ளலாம். கவனித்துப் பாருங்கள்: சக்திவேல் மூன்று முறை தவறாகவே கேட்கிறார், அந்த மூன்று தவறுகளும் அவர் எப்படிப்பட்டவர் என்பதையும் சொல்லிவிடுகின்றன. பணம், மகன், நேரம் என்ற வரிசையில்தான் அவர் உலகம் ஓடுகிறது.

இருவருடைய கதைகளையும் கடைசியில் ஒன்றாக இணைக்க வேண்டாமா? உதாரணமாக, அவர் கணவர் மீது மோதியவரே இவர் என்று வைத்தால்?

வேண்டாம். அந்த ஒரு தகவல் வந்தவுடன் அதற்கு முன் பேசிய எல்லாப் பேச்சும் அதற்கான ஏற்பாடாகச் சுருங்கிவிடும். பார்வையாளர் நாற்பது நிமிடமாக வளர்த்துக்கொண்ட அக்கறையைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிர் விடுபட்டதற்குக் கை தட்டுவார்.

இதே வகையில் அடிக்கடி வரும் இன்னொரு யோசனை உறுப்பு தானம். ஒருவர் மூளைச்சாவு அடைந்த மகனின் தாய், மற்றவர் அந்தச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர் என்ற அமைப்பு. இங்கே கதைக்கு முன்னால் நடைமுறையே குறுக்கே நிற்கிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி மூளைச்சாவை நான்கு மருத்துவர் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரு முறை சோதித்தே உறுதி செய்ய வேண்டும். உறுப்பு யாருக்குப் போகிறது என்பதை அரசின் காத்திருப்போர் பட்டியல்தான் தீர்மானிக்கிறது, கொடுத்தவர் பெற்றவர் விவரங்களும் ரகசியமாக வைக்கப்படுகின்றன. இருவரும் ஒரே கூடத்தில் தற்செயலாக உட்கார்ந்து பேசி உண்மையைக் கண்டுபிடிப்பது என்பதைக் கோவையில் மருத்துவமனை வாசலில் ஒரு வாரம் கழித்த எவரும் நம்ப மாட்டார்கள். (அந்த ஆறு மணி நேர இடைவெளி தனி நாடகத்துக்கான காலம் என்பது வேறு விஷயம்.)

நம் எடுத்துக்காட்டில் இணைப்பு ஏற்கனவே இருக்கிறது. சக்திவேலை வீட்டிலிருந்து விலக்கியது எந்தக் கேள்வியோ, அதையே நாச்சாயாள் அன்போடு கேட்டிருக்கிறார். கல்யாண விஷயம் வெளிவந்ததும் அவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். பங்காளி என்ற பேச்சு நின்று, பழையபடி "நீங்க" திரும்பி வருகிறது. சக்திவேலின் அப்பாவை நாம் பார்ப்பதே இல்லை. ஆனால் அந்த அரை நிமிடத்தில் அவர் எப்படி நடந்திருப்பார் என்பதைப் பார்த்துவிடுகிறோம்.

மருத்துவ விவரங்கள் எவ்வளவு சரியாக இருக்க வேண்டும்? பார்வையாளருக்கு அதெல்லாம் தெரியுமா?

தெரியும். அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேராவது அந்த இரும்பு நாற்காலிகளில் ஓர் இரவையேனும் கழித்தவர்களாக இருப்பார்கள். டாக்டர்களின் மொழி அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை; நோயாளியோடு இருக்கும் அட்டெண்டருக்கு என்ன சொல்லப்படும் என்பது நன்றாகத் தெரியும்.

வாய்வழிக் குழாயுடன் வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் கழுத்துக் குழாய் பற்றிப் பேச்சு எழுவது வழக்கம். அதனால்தான் பன்னிரண்டாம் நாள் என்று வைத்தேன். மூன்றாம் நாள் என்றால் அந்தப் படிவத்துக்கே இடமில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போவது என்ற சொல்லையும் கவனமாகக் கையாள வேண்டும். உயிர்காக்கும் கருவியை விலக்குவதை 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளோடு ஏற்றது. 2023இல் அந்த நடைமுறை எளிதாக்கப்பட்டு, மருத்துவமனையின் இரண்டு மருத்துவக் குழுக்கள் முடிவு செய்யும்படி அமைந்தது. ஆனால் கிராமத்துக் குடும்பங்களின் பேச்சில் இது எதுவும் வருவதில்லை. "ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போயர்றம்" என்பதுதான் வரும், ஆம்புலன்ஸில் காற்றுப் பையை அழுத்திக்கொண்டே போவது என்பதும் வரும். நாச்சாயாளின் வாயில் கருணைக்கொலை என்ற சொல்லை வைத்துவிட்டால், அங்கே நாச்சாயாள் இல்லை, எழுதியவர்தான் இருப்பார்.

பணத்தைப் பற்றி ஒன்று. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் என்றாலும், அதற்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தோட்டமும் இரண்டு விசைத்தறியும் உள்ள குடும்பத்திடம் அந்தக் கார்டு இருக்காது, கையில் பணமும் இருக்காது. "காப்பீட்டுக் கார்டு இருந்தா" என்று சக்திவேல் தொடங்குவது எடுபடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம், ஆனால் அதை மேடையில் விளக்க வேண்டியதில்லை.

கொங்குப் பேச்சை எந்த அளவுக்கு எழுதுவது? வாசிக்கும் நடிகர்கள் திணறுகிறார்கள்.

"ங்க" எங்கே வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்பதை மட்டும் துல்லியமாக எழுதுங்கள்; உறவின் வெப்பநிலை அதில்தான் இருக்கிறது. "என்ற ஊட்டுக்காரரு", "போயர்றம்", "பொழுதோட" போன்றவை வந்தால் போதும். ஒவ்வொரு சொல்லையும் ஒலிப்பு மாற்றி எழுதினால் அது ஊர்ப் பேச்சை வேடிக்கை காட்டுவதாக ஆகிவிடும். திருப்பூரில் பல ஆண்டு வேலை செய்த சக்திவேலின் பேச்சு, அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ஊர்ப் பேச்சாக இறுகட்டும்.

மேடைக்கு என்ன தேவை?

ஒன்றாக இணைத்த நான்கு இரும்பு நாற்காலிகள், ஒரு கடிகாரம், மேடைக்கு வெளியே ஒரு காவலாளியின் குரல். கதவைக் காட்டாதீர்கள், பார்வையாளர் இருக்கும் திசையிலேயே கதவு இருப்பதாக வைத்துக்கொண்டால் இருவர் முகமும் எப்போதும் நமக்குத் தெரியும். இருவருக்கும் இடையே காலியாக இருக்கும் நாற்காலியில் எப்போது பை வைக்கப்படுகிறது, எப்போது எடுக்கப்படுகிறது என்பதைப் பிரதியிலேயே எழுதிவிடுங்கள்.

முடிவில் நாச்சாயாள் தன் பாஸை அவரிடம் கொடுத்துவிடுவதாக வைக்கலாமா?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் முடிவு இது. ஆனால் பாஸில் படுக்கை எண் இருக்கும். நாச்சாயாளுடையது ஏழு, சக்திவேலின் அப்பாவுடையது பதினொன்று. அந்தப் பாஸை வைத்துக்கொண்டு அவர் உள்ளே போனால் நிற்க வேண்டியது வேறொருவர் கட்டிலருகில். இந்தத் தடை நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு, ஏனென்றால் இரக்கத்தால் தீர்க்க முடியாத ஒன்றைத்தான் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் எழுதினால் இப்படி முடிப்பேன். ஐந்து நாற்பதுக்குக் காவலாளி "பதினொண்ணாம் பெட் அட்டெண்டர்" என்று கூப்பிடுகிறார். தங்கை அன்று வரவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிடுகிறார். நாச்சாயாள் சக்திவேலைப் பார்க்கிறார், ஒன்றும் சொல்வதில்லை. சக்திவேல் எழுந்து போகிறார். "பாஸ் இல்லீங்களா? பேஷண்டுக்கு நீங்க என்ன ஆகோணும்?" என்று குரல் கேட்கிறது. அதுவரை அப்பா என்ற சொல் மேடையில் பலமுறை வந்திருக்கும். மகன் என்ற சொல் ஒருமுறைகூட வந்திருக்கக் கூடாது. இப்போது அதை அவர் கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். காவலாளி உள்ளே விட்டாரா என்பதை நாடகம் சொல்ல வேண்டியதில்லை. நாச்சாயாளும் படிவத்தில் கையெழுத்துப் போடாமலேயே, இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும்போது, உள்ளே போக எழுகிறார். நர்சு கேட்கப்போகும் கேள்வி அவருக்கு முன்னால் அப்படியே இருக்கிறது.

எழுதி முடித்துவிட்டேன். சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கதை தெரியாத ஆறேழு பேரை உட்காரவைத்து வாசியுங்கள். இருபதாவது நிமிடத்தில் நிறுத்தி, இருவரும் யாருக்காக வந்திருக்கிறார்கள், எதைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று ஆளுக்கொரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எல்லோரும் சரியாக எழுதியிருந்தால் இரண்டாம் அடுக்கை முன்னாலேயே கொட்டிவிட்டீர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் எழுதியிருந்தால், செயல் தெளிவாக இல்லை. பாஸும் எழுந்து நிற்பதும் கண்ணில் படவில்லை என்று பொருள். "தெரிஞ்சவங்கன்னு சொன்னது பொய்தான், ஆனா ஏன்னு தெரியல" என்ற வகையில் பெரும்பாலோர் எழுதியிருந்தால் அந்த இருபது நிமிடத்தைத் தொடாதீர்கள்.

பிறகு பிரதியை எடுத்து, ஒருவர் மற்றவர் கேட்காமலேயே தன்னைப் பற்றிச் சொல்லும் வரிகளின் கீழ்க் கோடு போடுங்கள். அவற்றில் பெரும்பகுதியை வெட்டலாம். வெட்ட முடியாதவற்றுக்கு முன்னால் மற்றவருடைய தவறான ஊகம் ஒன்றைச் சேருங்கள். மௌனங்களையும் சேர்த்து நிமிடத்துக்கு எண்பது சொற்கள் என்று கணக்கிட்டால் ஐம்பது நிமிடத்துக்கு நாலாயிரம் சொற்கள் போதும். உங்கள் பிரதி ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தால் வெட்ட வேண்டியது பெரும்பாலும் நாச்சாயாளின் பழைய கதையில்தான் இருக்கும்.